வாசல் வெளிச்சத்தில் பார்த்த மூக்குக்கண்ணாடி

தம்பியின் திருமண ஆல்பத்தில் நான் இருக்கும் படங்கள் பதினொன்று. ஒன்பதில் என் கண்களே தெரியவில்லை. கண்ணாடிச் சில்லில் மண்டபத்து விளக்குகள்தான் எரிகின்றன. மற்ற இரண்டில் கண்கள் தெரிகின்றன, ஆனால் புளியங்கொட்டை அளவில். மூக்குக்கண்ணாடி மூக்கின் நுனிக்கு இறங்கியிருக்கிறது, கன்னத்தில் அதன் கீழ்விளிம்பு குத்தி நிற்கிறது. அந்தத் திருமணத்துக்கென்றே புதுச்சேரியில் ஒரு பெரிய கடையில் ஏழாயிரத்துச் சொச்சம் கொடுத்து வாங்கியது அது. பெரியம்மா ஆல்பத்தைப் புரட்டிவிட்டு, "பழைய சோடாபுட்டியே தேவலாம்போல" என்றார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

என் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு கண்ணிலும் மைனஸ் 5. வட்ட முகம், சதைப்பிடிப்பான கன்னம், சப்பை மூக்கு. நிறம் கருப்பு, மாநிறம் என்று மழுப்ப விருப்பமில்லை. வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில், வேலை புதுச்சேரி நேரு வீதியில் ஒரு துணிக்கடையின் பில் கவுண்டரில்.

அந்தப் பெரிய கடையில் எனக்கு ஃப்ரேம் காட்டிய பையன் விதியைத்தான் சொன்னான். வட்ட முகத்துக்குச் சதுர ஃப்ரேம், சதுர முகத்துக்கு வட்ட ஃப்ரேம், முகத்தில் இல்லாததை ஃப்ரேம் கொடுக்க வேண்டும். இது எல்லாரும் சொல்லும் விதி, பொய்யும் இல்லை. பெரிய சதுர ஃப்ரேம் ஒன்றைப் போட்டுவிட்டான். நான் கண்ணாடியில் பார்த்து "நன்றாக இருக்கிறது" என்றேன். இதில் உள்ள வேடிக்கை எனக்குப் பிறகுதான் உறைத்தது. மைனஸ் 5 உள்ளவள் பவர் இல்லாத மாதிரிச் சில்லு பொருத்திய ஃப்ரேமைப் போட்டுக்கொண்டு எதைப் பார்த்திருக்க முடியும்? நிலைக்கண்ணாடியில் தெரிந்தது மங்கலாக ஒரு முகம், அதன்மேல் கறுப்பாக ஒரு சட்டம். என் பவர் உள்ளவர்கள் முக்கால்வாசிப் பேர் தங்கள் ஃப்ரேமை இப்படிக் குருட்டுப் பார்வையில்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்.

திருமணம் முடிந்து இரண்டு மாதம் அதைத் தூக்கித் தூக்கி விட்டுக்கொண்டு திரிந்தேன். பிறகு, கழன்றுபோன ஒரு திருகை மாட்டுவதற்காகத் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு சந்துக்குள் இருக்கும் சின்னக் கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு எழுபதை ஒட்டிய வயது. திருகை மாட்டிவிட்டு, கம்பியின் உள்பக்கத்தைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"இதை யாரம்மா உங்களுக்குக் கொடுத்தது? இது ஐம்பத்தாறு ஆயிற்றே."

காதில் மாட்டும் கம்பியின் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் எண்கள் இருக்கும். என்னுடையதில் 56□17-145 என்று இருந்தது. முதல் எண் ஒரு சில்லின் அகலம், இரண்டாவது இரண்டு சில்லுக்கும் நடுவே மூக்கின்மேல் விழும் இடைவெளி, மூன்றாவது கம்பியின் நீளம், எல்லாம் மில்லிமீட்டரில். பத்தொன்பது வருடமாகக் கண்ணாடி போடுகிறேன். அந்த எண்களைக் கம்பெனி நம்பர் என்றுதான் நினைத்திருந்தேன்.

அவர் ஒரு சிறிய அடிக்கோலை எடுத்து என் புருவத்தின்கீழ் வைத்து, ஒரு கண்மணியின் நடுவிலிருந்து மறு கண்மணியின் நடுவரை அளந்தார். 64 மில்லிமீட்டர். இதைக் கண்ணாடிக் கடைக்காரர்கள் பி.டி. என்கிறார்கள். கண் பரிசோதனைச் சீட்டில் பவர் எழுதியிருக்கும். இந்த எண்ணைப் பெரும்பாலும் எழுதித் தருவதில்லை. கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

பிறகு ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். கணக்கு எழுதிப் பிழைப்பவள் என்பதால் எனக்கு அது உடனே பிடிபட்டது. ஃப்ரேமின் முதல் எண்ணையும் இரண்டாவது எண்ணையும் கூட்டினால், ஒரு சில்லின் மையத்திலிருந்து மறுசில்லின் மையம் வரையுள்ள தூரம் வரும். என் ஃப்ரேமுக்கு 56-ம் 17-ம் சேர்ந்து 73. என் கண்களோ 64-இல் இருக்கின்றன. ஒன்பது மில்லிமீட்டர் வித்தியாசம், பக்கத்துக்கு நாலரை. என் கண் சில்லின் நடுவில் இல்லாமல் நாலரை மில்லிமீட்டர் மூக்குப்பக்கமாக ஒதுங்கி நிற்கிறது என்று அர்த்தம். அந்த ஃப்ரேமில் நான் கொஞ்சம் மாறுகண் போலத் தெரிந்ததற்குக் காரணம் இதுதான். கண்ணுக்கு வெளிப்பக்கத்தில் வெற்றுச் சில்லு ஒரு வயல்போல விரிந்து கிடந்தது.

மைனஸ் சில்லு நடுவில் மெல்லியதாகவும் ஓரத்தில் தடிமனாகவும் இருக்கும். பவரின் மையத்தைக் கண்ணுக்கு நேராக வைத்தாக வேண்டும். அங்கிருந்து சில்லின் வெளி ஓரம் எவ்வளவு தூரமோ, அந்தத் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஓரம் தடிக்கும். என் ஃப்ரேமில் அந்தத் தூரம் 28-ம் நாலரையும் சேர்ந்து முப்பத்திரண்டரை மில்லிமீட்டர். சாதாரணப் பிளாஸ்டிக் சில்லில் மைனஸ் 5-க்கு ஓரத் தடிமன் ஏழு மில்லிமீட்டரைத் தாண்டிவிடும். தூரம் 28 ஆகக் குறைந்தால் தடிமன் ஆறுக்குள் வந்துவிடும். 1.6 என்று சொல்லப்படும் மெல்லிய ரகச் சில்லைப் போட்டால் ஐந்தை ஒட்டி நிற்கும். பெரிய கடையில் என்னிடம் விலை கூடிய மெல்லிய சில்லுதான் விற்றார்கள். ஃப்ரேமைப் பெரிதாக்கிவிட்டு, அதனால் வந்த தடிமனைக் குறைக்கத் தனியாகப் பணம் வாங்கிக்கொண்டார்கள்.

தடிமன் என்பது எடைப் பிரச்சினை மட்டும் இல்லை, தோற்றப் பிரச்சினையும்தான். மைனஸ் சில்லு கண்ணைச் சிறிதாக்கிக் காட்டும். அதோடு, எதிரே நிற்பவர் பார்க்கும்போது சில்லுக்குள் தெரியும் கன்னப்பொட்டுப் பக்கம் உள்ளே தள்ளித் தெரியும். முகத்தின் ஓரக்கோடு ஃப்ரேமுக்கு மேலே ஒரு இடத்தில் ஓடும், சில்லுக்குள் மடிந்து உள்ளே போகும், கீழே மறுபடி வெளியே வரும். கண்ணுக்கு வெளிப்பக்கம் சில்லு நீள நீள இந்த மடிப்பு பெரிதாகத் தெரியும். மாதிரிச் சில்லில் இது எதுவும் தெரியாது. கடையில் அழகாக இருந்த ஃப்ரேம் சில்லு போட்டு வந்தபிறகு வேறு யாருடையதோ போலத் தோன்றுவது இதனால்தான்.

"அப்படியென்றால் சின்ன ஃப்ரேம் கொடுங்கள் ஐயா" என்றேன். 46□18 ஒன்றை எடுத்துப் போட்டுவிட்டு, என் கைப்பேசியிலேயே படம் எடுத்து, பழைய கண்ணாடியை மாட்டிப் பார்க்கச் சொன்னார். இந்த எளிய வழி ஏன் எனக்கு இத்தனை நாள் தோன்றவில்லை என்று வெட்கமாகிவிட்டது. முகத்துக்கு நேராக, கண் மட்டத்தில், கைநீட்டும் தூரத்தைவிடத் தள்ளி நின்று எடுக்க வேண்டும் என்றார். கைநீட்டித் தானே எடுக்கும் படம் மூக்கைப் பெரிதாக்கி முகத்தின் அகலத்தைக் குறைத்துவிடும். அதை நம்பக் கூடாது.

படத்தில் 46 பரிதாபமாக இருந்தது. பூசணிக்காயில் இரண்டு பொத்தான் தைத்ததுபோல. ஃப்ரேமின் இரு பக்கமும் கன்னம் வழிந்தது. கம்பிகள் பொட்டில் அழுந்தி வெளிப்பக்கமாக வளைந்தன.

எனக்கு இருக்கும் சிக்கல் இதுதான். பவர் சின்னச் சில்லைக் கேட்கிறது, முகம் அகல ஃப்ரேமைக் கேட்கிறது. கடைக்காரர் இதற்குச் சொன்ன பதிலைத்தான் நான் இப்போது கேட்பவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஃப்ரேமின் மொத்த அகலம் சில்லின் அகலம் மட்டும் இல்லை. நடுப்பாலம் இருக்கிறது, கம்பி இணையும் இரு மூலைகளும் இருக்கின்றன. அகலத்தைச் சில்லில் தேடாமல் இந்த இடங்களில் தேட வேண்டும். அவர் என் முகத்தைப் பொட்டிலிருந்து பொட்டு அளந்தபோது 138 வந்தது. பழைய ஃப்ரேமின் அகலம், கம்பியின் ஒரு கீலிலிருந்து மறு கீல் வரை, 146. முகத்தைவிட எட்டு மில்லிமீட்டர் அகலம் என்பதால்தான் அது பிடிப்பில்லாமல் வழிந்தது. அவர் தேடி எடுத்தது 50□20. இரண்டு சில்லும் பாலமும் சேர்ந்து 120, மூலைகள் பக்கத்துக்கு எட்டு, ஆக 136. முகத்தோடு கிட்டத்தட்டச் சரி. மைய தூரம் 70, என் கண்ணுக்கு 64. பக்கத்துக்கு மூன்று மில்லிமீட்டர்தான் ஒதுக்கம். கணக்கு ஒத்துப்போய்விட்டது.

ஒத்துப்போகாதது மூக்கு. பாலம் 20 என்பது அகலமான பாலம். ஷெல் ஃப்ரேமில், அதாவது முழுப் பிளாஸ்டிக் ஃப்ரேமில், மூக்குத்தாங்கி ஃப்ரேமோடு சேர்ந்தே வார்த்ததாக இருக்கும். எடுப்பான மூக்குக்காரர்களுக்கு அது உட்காரும். என்னைப்போல் கண்களுக்கு நடுவே மூக்குத்தண்டு மேடாக இல்லாதவர்களுக்கு அது நிற்க இடமில்லாமல் இறங்கும். இறங்கிக் கன்னத்தில் உட்காரும். சிரித்தால் கன்னம் அதைத் தூக்கும். திருமணப் படத்தில் நடந்தது அதுதான். சப்பை மூக்குக்குத் திருகில் மாட்டிய சிலிக்கோன் தாங்கிகள் உள்ள ஃப்ரேம்தான் சரி. சின்னக் குறடால் அந்தத் தாங்கிக் கம்பிகளை உள்ளே நெருக்கினால் ஃப்ரேம் மேலே ஏறும், விரித்தால் இறங்கும். பாலத்தின் எண் எதுவானாலும் மூக்குக்கு ஏற்றபடி வளைத்துக்கொள்ளலாம். போட்டுக்கொண்டு பல் தெரியச் சிரித்துப் பார்க்கச் சொன்னார். கீழ்விளிம்பு அசையவில்லை. தலையைக் குனிந்து இரண்டு முறை உதறச் சொன்னார். விழவில்லை.

இவ்வளவுக்கும் பிறகுதான் வட்ட முகம், சதுர ஃப்ரேம் என்ற விதி வேலைக்கு வந்தது. இதே அளவில் அவரிடம் மூன்று வடிவங்கள் இருந்தன. முழு வட்டம் ஒன்று. கன்னத்தின் வளைவையே திரும்பச் சொன்னது. கூர் மூலையுள்ள சதுரம் ஒன்று. முகம் ஒரு பக்கம், ஃப்ரேம் ஒரு பக்கம் என்று நின்றது. மூன்றாவது, மேல்பகுதி மட்டும் தடித்த பட்டையாகவும் கீழ்ப்பகுதி மெல்லிய கம்பியாகவும் இருந்தது. மேல்மூலைகள் லேசாகத் தூக்கியிருந்தன. அது புருவத்தோடு சேர்ந்து ஓடியது. பார்ப்பவர் கண் கன்னத்துக்கு இறங்காமல் மேலேயே நின்றது. வட்ட முகத்துக்கு வேண்டியது சதுரம் என்பதைவிட, மேலே கனம், கீழே லேசு என்று சொல்வதுதான் என் அனுபவத்தில் சரி. நீள முகக்காரர்களுக்குக் கதை வேறு. சில்லின் உயரம் கூடினால் அவர்களுடைய முகத்தின் நீளம் மட்டுப்படும். அவர்களுக்கு உயரமான ஃப்ரேம் நல்லது, எனக்கு வில்லன்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மெல்லிய கம்பிக்குள் ஐந்து மில்லிமீட்டர் ஓரம் முழுதாக ஒளியாது. தடித்த ஷெல்லாக இருந்தால் ஒளிந்திருக்கும். பக்கவாட்டில் பார்த்தால் என் சில்லின் ஓரம் இன்னும் தெரியத்தான் செய்கிறது. மூக்கா, ஓரமா என்று வந்தபோது நான் மூக்கின் பக்கம் நின்றேன்.

அடுத்தது நிறம். இதில் எனக்குக் கோபம் அதிகம். பெரிய கடையில், நான் பொன்னிறக் கம்பி ஃப்ரேம் ஒன்றை எடுத்தபோது, "உங்கள் கலருக்குக் கோல்டு எடுக்காது மேடம்" என்று அந்தப் பையன் வாங்கி வைத்துவிட்டான். கழுத்தில் சங்கிலியும் காதில் தோடும் பொன்னாகவே போட்டுக்கொண்டு நின்றவளிடம்! இந்த ஊரில் கருப்பான பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் பொன் அணிகிறார்கள். யாருக்கும் எடுக்காமல் போகவில்லை.

நிறத்தை எப்படிப் பார்ப்பது என்பதை மட்டும் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. எங்கள் கடைக்கு வருகிற எந்தப் பெண்மணியும் பட்டுப்புடவையை விளக்கு வெளிச்சத்தில் பார்த்து முடிவு செய்வதில்லை. தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடப்பார். கடை விளக்கில் மாம்பழ மஞ்சள் எலுமிச்சையாகத் தெரியும். அரக்கு கறுப்பாகத் தெரியும். ஃப்ரேமுக்கும் அதேதான். நேர் வெயிலில் இல்லை. வாசல் நிழலில், பகல் வெளிச்சம் முகத்தில் படும்படி நின்று படம் எடுக்க வேண்டும். முகப்பவுடர் இல்லாமல்.

தோலின் அடிநிறம் பொன்மஞ்சள் சார்ந்ததா, நீலச்சிவப்புச் சார்ந்ததா என்று பார்க்க மணிக்கட்டு நரம்பின் நிறத்தைப் பார்க்கச் சொல்வார்கள். கருப்புத் தோலில் நரம்பு எங்கே தெரிகிறது? எங்கள் கடையில் நான் செய்து பார்த்த வழி இது. ஒரு தோளில் சலவை செய்த வெள்ளைத் துணி; மறு தோளில் சலவை செய்யாத காடா. முதலில் ஒன்றை மட்டும் கழுத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும், பிறகு மற்றொன்றை. எனக்குப் பளீர் வெள்ளை வந்தபோது கண்ணுக்குக் கீழே சாம்பல் பூத்ததுபோல இருந்தது. காடாவின் மங்கல் மஞ்சள் வந்தபோது முகம் தெளிந்தது. காடா பொருந்துகிறவர்களுக்குப் பொன், தேன்நிறம், அரக்கு, மருதாணிப் பச்சை. வெள்ளை பொருந்துகிறவர்களுக்கு வெள்ளி, துப்பாக்கிச் சாம்பல், கருநீலம், நாவல்பழ நிறம். உடன் வேலை செய்யும் ஒரு தங்கை என்னைவிடக் கருப்பு; அவளுக்கு வெள்ளைதான் பொருந்தியது. ஆக, தோல் கருப்பா சிவப்பா என்பதை வைத்து இதைச் சொல்ல முடியாது. இரண்டும் ஒன்றுபோலவே தெரிந்தால் கவலை விட்டது, பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொன்றும் இருக்கிறது. புடவையின் உடலும் கரையும் ஒரே நிறமாக இருந்தால் கரை இருந்தும் இல்லாததுதான். என் தோல் நிறத்துக்கு நெருங்கிய பழுப்பு ஃப்ரேம் ஒன்றைப் போட்டபோது, ஃப்ரேம் மறைந்து, கண்ணைச் சுற்றிக் கருவளையம் விழுந்தது போலிருந்தது. தோலைவிட இரண்டு படி அடர்ந்ததாகவோ இரண்டு படி வெளிறியதாகவோ இருக்க வேண்டும். நான் எடுத்தது மேல்பட்டை கரும் அரக்கு, கீழ்க்கம்பி மங்கல் பொன். ஃப்ரேம் 1,400 ரூபாய். சில்லுக்கு எதிரொளி குறைக்கும் பூச்சையும் கேட்டு வாங்கினேன். ஆல்பத்தில் கண்ணுக்குப் பதிலாக விளக்கு எரிந்ததற்கு மருந்து அது.

கூலிங் கிளாஸ் கதை தனி. தினமும் ஸ்கூட்டரில் கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு வடக்கு நோக்கிப் போகிறேன், காலை வெயில் வலப்பக்கம். மாலையில் தெற்கு நோக்கித் திரும்புகிறேன், மேற்கு வெயிலும் வலப்பக்கம். வருடம் முழுவதும் ஒரே பக்கத்தில் வாங்கிக் கட்டிக்கொள்கிறேன். புதுச்சேரி ஞாயிறு சந்தையில் 150 ரூபாய்க்கு ஒன்று வாங்கி, மூக்குக்கண்ணாடிக்கு மேலேயே போட்டுப் பார்த்தேன். என் பில் கவுண்டரில் கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கு இருக்கிறது. ஐநூறு ரூபாய் நோட்டின் எண்கள் அந்த வெளிச்சத்தில் ஒளிரும். விளக்குக்கும் நோட்டுக்கும் நடுவே அந்தக் கண்ணாடியை நீட்டினேன். எண்கள் மங்கலாக, ஆனாலும் ஒளிர்ந்துகொண்டே இருந்தன. புற ஊதாவைத் தடுக்கும் சில்லாக இருந்தால் ஒளிர்வு அணைந்துவிடும். இது தோராயச் சோதனைதான். விளக்குக்கு விளக்கு மாறும். ஆனால் சில்லு கறுப்பாக இருப்பதும் புற ஊதாவைத் தடுப்பதும் வேறு வேறு என்று கண்ணால் பார்த்துவிட்டேன். கறுப்பு மட்டும் இருந்து தடுப்பு இல்லையென்றால், இருட்டென்று கண்மணி விரிந்துகொள்ளும். அந்த வழியாக உள்ளே போவது கூடத்தான் செய்யும். அதனால் யூ.வி. 400 என்று கேட்டு வாங்க வேண்டும்.

சந்துக்கடைப் பெரியவர் பவர் போட்டே கூலிங் கிளாஸ் செய்துகொடுத்தார். முகத்தைச் சுற்றி வளைந்து வரும் ரகத்தை நான் கேட்டேன். பக்க வெயிலுக்கு அதுதானே நல்லது. என் பவருக்கு அந்த வளைவில் சில்லு சரியாக வராது, ஓரத்தில் பார்வை இழுக்கும் என்று மறுத்துவிட்டார். தட்டையான முன்பக்கமும், காதுப்பக்கம் ஒரு விரல் அகலத்துக்குப் பட்டைக் கம்பியும் உள்ளதைக் கொடுத்தார். அந்தப் பட்டைதான் எனக்குச் சன்னல் கதவு. இருண்ட சில்லில் கண் தெரியாது என்பதால், கண் சில்லின் நடுவில் இருக்கிறதா என்பது பார்ப்பவருக்குத் தெரியாது. சில்லு 52 வரை போகலாம் என்றார். அதே காரணத்தால் புருவக்கோடு முக்கியமாகிவிடுகிறது. புருவம் ஃப்ரேமுக்கு மேலே முழுதாகத் தெரிய வேண்டும், அல்லது முழுதாக மறைய வேண்டும். பாதி உள்ளே, பாதி வெளியே என்றால் எப்போதும் வியப்பில் இருப்பவள் போலத் தோன்றும்.

சில்லின் நிறத்தில் மேலே அடர்ந்து கீழே வெளிறும் பழுப்பைத்தான் முதலில் ஆசைப்பட்டேன். வாசலில் பார்த்தபோது, வெளிறிய கீழ்ப்பகுதி என் கன்னத்தோடு கலந்து கண்ணுக்குக் கீழே நிழலாக விழுந்தது. ஒரே சீராக அடர்ந்த சாம்பல்பச்சை என் தோலில் துல்லியமாக நின்றது. சாலையில் சிக்னலின் நிறங்களும் மாறித் தெரியவில்லை. கண்கூச்சம் தடுக்கும் போலரைஸ்டு ரகத்தையும் போட்டுப் பார்த்தேன். தார்ச்சாலைப் பளபளப்பு நன்றாகவே அடங்கியது. ஆனால் என் ஸ்கூட்டரின் டிஜிட்டல் மீட்டர் தலையைச் சாய்த்தால் இருண்டது. வாங்குமுன் வண்டியில் உட்கார்ந்து பார்த்தது நல்லதாகப் போயிற்று. அரியாங்குப்பம் தாண்டுமுன் பொழுது சாய்ந்துவிட்டால் ஓரமாக நிறுத்திச் சாதாரணக் கண்ணாடிக்கு மாறிவிடுகிறேன்; இருட்டில் அந்தச் சில்லோடு ஓட்டக் கூடாது.

திருமணத்துக்கு வாங்கிய 56 பெட்டிக்குள் கிடந்தது. போன பொங்கலுக்குத் தம்பி மனைவி வந்தபோது விளையாட்டாகப் போட்டுப் பார்த்தாள். அவளுக்கு நீள முகம், எடுப்பான மூக்கு, பவர் கிடையாது. படம் எடுத்துப் பார்த்தோம். அவளுக்கென்றே செய்ததுபோல் இருந்தது. பெரியவரிடம் கொடுத்து, என் சில்லைக் கழற்றிவிட்டுப் பவர் இல்லாத சாம்பல் சில்லு போடச் சொன்னேன். ஓரம் இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை. அதைப் போட்டுக்கொண்டு தேவனாம்பட்டினம் கடற்கரையில் அவள் எடுத்து அனுப்பிய படத்தைப் பெரியம்மாவிடம் காட்டினேன். "இது நல்ல கண்ணாடி. எங்கே வாங்கியதாம்?" என்று கேட்டார்.